ஜவ்வரிசி பிறந்தது மரத்திலா? மண்ணிலா?

பாயசத்தில் முத்து முத்தாக மிதக்கும் ஜவ்வரிசியைப் பார்க்காதவர் இல்லை. காய்ச்சலில் படுத்தவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. வெயில் காலம் வந்தால் மாடியில் ஜவ்வரிசி வடாம். வீட்டுக்கு வீடு வந்துபோகும் பண்டம்தான். ஆனால், "அம்மா, ஜவ்வரிசி எந்தச் செடியில் காய்க்கிறது?" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்டு விட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

"அது ஒருவகை அரிசி" என்பார் ஒருவர். "இல்லை, மலேயாப் பக்கத்தில் ஒரு பனை இருக்கிறது. அதன் சோற்றிலிருந்து எடுப்பது" என்பார் இன்னொருவர். "மரவள்ளிக் கிழங்கு மாவு அது. உண்மை ஜவ்வரிசி இப்போது எங்கே கிடைக்கிறது?" என்று மூன்றாமவர் பெருமூச்சு விடுவார்.

முதல் பதில் தவறு. ஜவ்வரிசி எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. அது அரிசியும் அல்ல, வேறு தானியமும் அல்ல. ஈர மாவை உருட்டி, வறுத்து, மனிதர் செய்யும் மணி அது. மற்ற இரண்டு பதில்களிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டிலும் பாதி உண்மைதான்!

மாவு சுரக்கும் பனை

நியூகினி, மொலுக்கஸ் தீவுகள், போர்னியோ, சுமத்திரா ஆகிய இடங்களின் சதுப்பு நிலங்களில் ஒரு பனை வளருகிறது. மலாய் மொழியில் அதற்கு "சாகு" என்று பெயர். நம் ஊர்ப் பனையைப் போல ஆண்டுதோறும் அது பூப்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும். பூத்துக் காய்த்ததும் பட்டுப் போகும்.

அந்த ஒரு பூப்புக்காக மரம் தன் உடம்பு முழுவதும் மாவைச் சேர்த்து வைக்கிறது. பூ வெளிவந்தால் மாவு அதற்குச் செலவாகி விடும். ஆகவே, பூ விடப் போகும் தருணம் பார்த்து மரத்தை வெட்டுகிறார்கள். தண்டைத் துண்டு போட்டு, பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டி எடுக்கிறார்கள். அதைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்டினால் நார் மேலே நிற்கும். பால் போன்ற நீர் கீழே இறங்கும். அந்த நீரைத் தெளிய விட்டால் அடியில் வெள்ளை மாவு படியும். ஒரு மரத்தில் 150 முதல் 300 கிலோ வரை மாவு கிடைப்பது உண்டு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராவுக்குப் போன வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, மாவு தரும் மரங்களை அங்கே கண்டதாகவும், அந்த மாவில் செய்த பண்டத்தை உண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

இந்த மாவை மணியாக உருட்டி ஏற்றுமதி செய்யும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் வளர்ந்தது. அங்கிருந்து கப்பலில் நம் நாட்டுக்கும் வந்தது. கூடவே பெயரும் வந்தது. சாகு என்ற சொல்லுடன் அரிசி சேர்ந்து சவ்வரிசி ஆயிற்று என்பது ஒரு விளக்கம். ஜாவாவிலிருந்து வந்ததால் ஜவ்வரிசி என்பது மற்றொன்று. தெலுங்கில் "சக்குபிய்யம்" என்கிறார்கள். பிய்யம் என்றால் அரிசி. கன்னடத்தில் "சப்பக்கி". அக்கி என்றாலும் அரிசிதான். வடநாட்டில் மட்டும் அரிசி என்னாமல் "சாபுதானா" என்கிறார்கள்.

ஆக, பெயருக்கு உரிய பனை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் இன்று நம் ஊர் மளிகைக் கடையில் வாங்கும் ஜவ்வரிசி அந்தப் பனையிலிருந்து வருவதல்ல. அது மரவள்ளிக் கிழங்கின் மாவு.

கடல் கடந்து வந்த கிழங்கு

மரவள்ளியும் நம் மண்ணில் பிறந்ததல்ல. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்து சேர்ந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீர்க்க இந்தக் கிழங்கைப் பயிரிடும்படி ஊக்கம் அளித்தார். சேலம் பக்கத்தில் இதைக் "குச்சிக்கிழங்கு" என்பார்கள். விதை வேண்டாம். தண்டைக் குச்சி குச்சியாக நறுக்கி நட்டால் போதும். சுமார் பத்து மாதத்தில் கிழங்கு தோண்டலாம்.

சாகுப் பனை பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்து தருவதை, இந்தக் கிழங்கு பத்து மாதத்தில் தருகிறது. மலாக்கா, பினாங்குப் பகுதித் தோட்டக்காரர்கள் இதை முன்பே கண்டு கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மரவள்ளி பயிரிட்டு, அதன் மாவையும் முத்துப் போல் உருட்டி விற்றார்கள். ஆகவே, "அந்தக் காலத்தில் கப்பலில் வந்ததெல்லாம் பனைச் சரக்கு" என்று சொல்வதும் சரியல்ல. பனை முத்து, கிழங்கு முத்து இரண்டும் அந்தக் கடலோரத்தில் உருவாயின.

போர் கொண்டு வந்த தொழில்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலேயாவும் அவர்கள் கைக்குப் போய் விட்டது. கப்பல் நின்றது. ஜவ்வரிசியும் நின்றது. துணி ஆலைகளுக்குக் கஞ்சி போட வேண்டிய மாவும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் ஒரு தொழில் பிறந்தது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், வியாபார நிமித்தம் கேரளம் சென்று வருபவர். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரை அவர் சந்தித்தார். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் முறை ஷாவுக்குத் தெரிந்திருந்தது. சேலத்தைச் சுற்றிக் கிழங்கு விளைந்தது. இரண்டும் சேர்ந்தன! 1943ஆம் ஆண்டு வாக்கில் சிறிய குடிசைத் தொழிலாக வேலை தொடங்கியது.

அன்று ஆரம்பித்தது சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், தர்மபுரி என்று பரவியது. ஊர் மக்கள் "சேகோ ஆலை" என்று அழைக்கும் ஆலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. உற்பத்தியாளர்கள் சேர்ந்து 1981ஆம் ஆண்டில் "சேகோசர்வ்" என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். 2023ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்படியானால் இது போலியா?

பெயர் பனையின் பெயர். சரக்கு கிழங்குச் சரக்கு. அப்படியானால் இது கலப்படம் ஆகாதா?

ஆகாது. 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளில் ஜவ்வரிசிக்கு இலக்கணம் எழுதியபோது, சாகுப் பனையின் மாவிலிருந்தோ மரவள்ளிக் கிழங்கிலிருந்தோ செய்த சிறிய கெட்டியான மணிகள் என்றே எழுதினார்கள். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலும் அதே இலக்கணம் இடம் பெற்றது. பனையும் சரி, கிழங்கும் சரி. இரண்டுமே சட்டப்படி ஜவ்வரிசிதான்.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்து அறிய முடியாது. அயோடின் சொட்டு விட்டால் இரண்டுமே நீல நிறமாகும். மாவுப் பொருள் எதுவானாலும் அப்படித்தான் ஆகும். பூதக்கண்ணாடிக் கருவி, அதாவது மைக்ராஸ்கோப் வைத்து வேகாத மாவைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பனை மாவின் துகள்கள் பெரியவை, முட்டை வடிவானவை. மரவள்ளி மாவின் துகள்கள் சிறியவை, உருண்டையானவை. பலவற்றில் ஒரு பக்கம் வெட்டி விட்டதுபோலத் தட்டையாக இருக்கும். மக்காச்சோள மாவு கலந்திருந்தால் மூலை மூலையாகப் பட்டை தீட்டிய துகள்கள் தெரியும். அதுதான் உண்மையான கலப்படம். மக்காச்சோள மாவு மலிவாகக் கிடைக்கும் நாட்களில் அதைக் கலந்து விடும் ஆலைகளைச் சேலம் வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பிடித்தது உண்டு.

கிழங்கு முத்தாகும் விதம்

தோண்டிய கிழங்கு நெடுநாள் தாங்காது. இரண்டொரு நாளிலேயே உள்ளே நீலம் ஓடிக் கெடத் தொடங்கும். ஆகவே லாரியில் ஏற்றி உடனே ஆலைக்குக் கொண்டு வருகிறார்கள். மாவு எவ்வளவு இருக்கிறது என்பதைப் "பாயின்ட்" கணக்கில் அளந்துதான் விவசாயிக்கு விலை போடுகிறார்கள்.

முதலில் கழுவித் தோல் உரிக்க வேண்டும். மேலே மெல்லிய பழுப்புத் தோல். அதன் கீழே தடித்த வெள்ளைத் தோல். இரண்டையும் நீக்கிய பிறகு கிழங்கை இயந்திரத்தில் கொடுத்துத் துருவி அரைக்கிறார்கள். தண்ணீர் விட்டுச் சலிக்கிறார்கள். மேலே தங்கும் நாருக்குத் "திப்பி" என்று பெயர். அது காய்ந்து மாட்டுத் தீவனமாகப் போகும். கீழே இறங்குவது மாவுப் பால்.

இந்தப் பாலைத் தொட்டியில் சில மணி நேரம் தெளிய விட்டு, மேல் நீரை வடித்தால், அடியில் கட்டியாக வெள்ளை மாவு நிற்கும். அதை வெட்டி எடுத்து, ஓரளவு ஈரம் போனதும் உதிர்த்துக் கொள்கிறார்கள். இங்கேதான் முத்து உருவாகிறது. ஆரம்ப நாட்களில் தொட்டில் போலத் துணியைக் கட்டி, அதில் ஈர மாவைப் போட்டு ஆட்டினார்கள். ஆட்ட ஆட்ட மாவு ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு சிறு மணியாகத் திரளும். இப்போது அந்த வேலையைக் குலுக்கும் இயந்திரம் செய்கிறது.

திரண்ட மணியைச் சலித்து, தேங்காய் எண்ணெய் தடவிய சூடான தட்டில் சில நிமிடம் கிளறி வறுக்கிறார்கள். ஈரமும் சூடும் சேர்ந்து மணியின் மேற்பகுதி வெந்து ஓடு போல் இறுகும். உள்ளே மாவு வேகாமலே இருக்கும். பிறகு சிமென்ட் களத்தில் வெயிலில் காய வைத்தால் ஜவ்வரிசி தயார். வறுப்பதற்குப் பதிலாக நீராவியில் வேக வைத்தால் கண்ணாடி போன்ற மணி கிடைக்கும். அதுவே "நைலான் ஜவ்வரிசி". சாதாரண ஜவ்வரிசியை ஊற வைத்தால் மெத்தென்று ஆவதும், நைலான் ஜவ்வரிசி விறைப்பாக நிற்பதும் இந்த வேறுபாட்டால்தான். நூறு கிலோ கிழங்கு போட்டால் இருபது, இருபத்தைந்து கிலோ ஜவ்வரிசி கிடைக்கும்.

கிழங்கில் உள்ள விஷம் எங்கே போயிற்று?

பச்சை மரவள்ளிக் கிழங்கை ஆடு மாடு தின்று இறந்த செய்தியைக் கேள்விப்பட்டவர்கள் ஜவ்வரிசியைப் பார்த்து அஞ்சுவது உண்டு. அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் உண்டு. கிழங்கு நசுங்கும்போது அது பிரிந்து, சயனைடு என்ற கொடிய விஷம் வெளிப்படும். தோலில் அது மிகுதி.

ஆனால் ஜவ்வரிசி செய்யும் வழியே அந்த விஷத்தை விரட்டும் வழியாக அமைந்திருக்கிறது. தோல் போய் விடுகிறது. துருவும்போது லினமரின் பிரிந்து விடுகிறது. பிரிந்த விஷம் தண்ணீரில் கரையும். தொட்டியில் வடிக்கும் நீரோடு அதுவும் போகிறது. எஞ்சியதும் நிற்காது. அந்த விஷம் 26 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகக் கூடியது. வறுக்கும் தட்டிலும் வெயில் களத்திலும் பறந்து விடும். முறையாகச் செய்த ஜவ்வரிசியில் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. தோலைச் சரியாக உரிக்காமல் அரைத்தால் மாவு பழுப்பாக வரும். அதை மறைக்கச் சில ஆலைகளில் சலவைக்குப் போடும் வெளுப்பு மருந்தையும் அமிலத்தையும் மாவுப் பாலில் கலந்தார்கள். அதற்காக நடவடிக்கைக்கும் உள்ளானார்கள். இயற்கையான ஜவ்வரிசி சற்று மங்கலான வெண்மையாகத்தான் இருக்கும். கண்ணைப் பறிக்கும் வெள்ளையை நல்ல சரக்கு என்று எண்ணித் தேடி வாங்குவது, அந்த வெளுப்பு மருந்தைத் தேடி வாங்குவது போலத்தான்!

மண்ணும் சுண்ணாம்புத் தூளும் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நாலைந்து மணியை ஒரு கரண்டியில் வைத்து நெருப்பில் எரிக்க வேண்டும். நல்ல ஜவ்வரிசி உப்பிக் கருகி, முற்றிலும் எரிந்தபின் சாம்பல் அநேகமாக மிஞ்சாது. தூள் கலந்தது சாம்பலை விட்டுச் செல்லும். நூறு கிராமுக்கு 0.4 கிராமுக்கு மேல் சாம்பல் இருக்கக் கூடாது என்று விதி வைத்ததும் இதற்காகவே.

முத்துக்குள் என்ன இருக்கிறது?

இப்போது முக்கியமான கேள்வி. இவ்வளவு பாடுபட்டுச் செய்த முத்துக்குள் என்ன சத்து இருக்கிறது?

நூறு கிராம் ஜவ்வரிசியில் சுமார் 87 கிராம் மாவுச் சத்து. சுமார் 12 கிராம் ஈரம். புரதம் 0.2 கிராம். கொழுப்பும் அதே அளவுதான். அது தரும் சக்தி சுமார் 350 கலோரி. ஏறத்தாழ அரிசி தரும் சக்தியே. ஆனால் அரிசியில் நூறு கிராமுக்கு ஆறு, ஏழு கிராம் புரதம் உண்டு. ஜவ்வரிசியில் இல்லை என்றே சொல்லலாம்.

ஏன் இப்படி? செய்யும் முறையை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மாவுத் துகள் தண்ணீரில் கரையாது. அடியில் படியும். மற்றவை திப்பியோடும் வடித்த நீரோடும் போய் விடும். எந்தக் கழுவல் விஷத்தைப் போக்கியதோ, அதே கழுவல் சத்தையும் கொண்டு போய் விட்டது! பனையிலிருந்து எடுத்தாலும் இதே கதைதான். ஆகவே, "அசல் பனை ஜவ்வரிசி கிடைத்தால் பிள்ளைக்குச் சத்து" என்று தேடுவதில் பயன் இல்லை.

குழந்தையின் கிண்ணத்தில்

இந்தக் கணக்கு பெரியவர்களை விடக் குழந்தைகளுக்கே முக்கியம். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதற்குப் பிறகு தாய்ப்பாலுடன் வேறு உணவும் கொடுக்க வேண்டும். அப்போது பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது ஜவ்வரிசிக் கஞ்சி. எளிதில் செரிக்கும், குழந்தையும் விரும்பிக் குடிக்கும். அது உண்மைதான். வெந்த மாவு விரைவில் செரிக்கும். ஆகவேதான் நோயாளிக்கும் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை உள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் புரதம் தேவை. தசையும் இரத்தமும் வளருவது அதனால்தான். நூறு கிராம் ஜவ்வரிசியில் 0.2 கிராம் என்றால், 10 கிராம் புரதம் பெற எவ்வளவு ஜவ்வரிசி வேண்டும்? ஐந்து கிலோ! எந்தக் குழந்தை குடிக்கும்?

ஒரு கிண்ணக் கஞ்சிக்கு 30 கிராம் ஜவ்வரிசி போடுவதாக வைத்துக் கொள்வோம். சக்தி நூறு கலோரிக்குச் சற்று மேல். புரதம் 0.06 கிராம். வயிறு நிறையும், பசி அடங்கும், குழந்தை தூங்கி விடும். தாயும் மனநிறைவு அடைவாள். கஞ்சியே முக்கிய உணவாகி, தாய்ப்பாலும் குறைந்து விட்டால், நாளடைவில் எடை ஏறாது. குழந்தை சோர்ந்து போகும். அடிக்கடி நோய் வரும். பசித்து அழாததால் யாருக்கும் சந்தேகம் வராது. மாதாமாதம் எடை பார்த்தால்தான் தெரியும்.

அதே கிண்ணத்தை வேறு விதமாகச் செய்யலாம். ஜவ்வரிசி 15 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 15 கிராம் எடுத்துப் பொடித்துக் கொள்ள வேண்டும். அதைக் கட்டியில்லாமல் கரைத்து, நன்றாக வேக வைக்க வேண்டும். பாசிப்பருப்பில் நூறு கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம். ஆகவே இந்தக் கிண்ணத்தில் மூன்றரைக் கிராமுக்கு மேல் புரதம் சேர்ந்து விடும். முன்னதை விட ஐம்பது பங்குக்கும் அதிகம்! சக்தி குறையவே இல்லை. செலவு சில காசுகள் கூடும், அவ்வளவுதான். முழு மணியாகக் கொடுத்தால் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கக் கூடும். பொடித்துக் கொடுப்பதில் அந்த ஆபத்தும் இல்லை.

மகாராஷ்டிரத்தில் விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடி செய்கிறார்கள். அதில் வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தாராளமாகச் சேர்ப்பது வழக்கம். சுவைக்காகச் சேர்த்தாலும், அந்தத் தட்டில் உள்ள புரதமெல்லாம் கடலை தந்ததே. நம் பாயசத்தில் பால் சேருவதும் அப்படித்தான்.

யாருக்கு ஆகும்? யாருக்கு ஆகாது?

காய்ச்சலில் வாய் கசந்து ஒன்றும் இறங்காதவருக்கு ஓரிரு நாள் ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது. தண்ணீரும் சக்தியும் உள்ளே போகும். உடம்பு தேறியதும் பருப்பு, பால், முட்டை என்று பழைய உணவுக்குத் திரும்ப வேண்டும். கோதுமை ஒவ்வாது என்று மருத்துவர் தடுத்தவர்கள் ஜவ்வரிசியைத் தாராளமாக உண்ணலாம். கோதுமையில் உள்ள அந்தப் பசைப் புரதம் இதில் கிடையாது.

நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். எளிதில் செரிக்கும் மாவு எளிதில் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறும். "சாதம் சாப்பிடவில்லை, ஜவ்வரிசி உப்புமாதான்" என்று சொல்லிக் கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டால், சோறு தின்றதை விடச் சர்க்கரை அதிகமாக ஏறக் கூடும்.

கடையில் ஜவ்வரிசி வாங்கும்போது பனையா, கிழங்கா என்று கேட்டு அலைய வேண்டாம். கிழங்குதான். மங்கலான வெண்மையாக, மண் இல்லாமல், ஊற வைத்தால் கரைந்து போகாத மணியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வாங்கி வந்த பிறகு, அடுப்பில் வைக்கும்போது அதனுடன் ஒரு பிடி பாசிப்பருப்போ, நிலக்கடலையோ சேர்க்க மறக்க வேண்டாம்.